குடல்வால் ஆபரேஷன் நோட்: அடுத்த சர்ஜனுக்கு எதை எழுதி வைக்க வேண்டும்?

இரவு இரண்டு மணிக்கு ஒரு பெண் அவசரப் பிரிவுக்கு வருகிறார். வலது அடிவயிற்றில் வலி, காய்ச்சல், இரண்டு முறை வாந்தி. வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் குடல்வால் இருக்கும் இடத்தில்தான் வலி அதிகம். ஆனால் தொப்புளில் ஒன்று, இடது அடிவயிற்றில் ஒன்று, கீழே நடுவில் ஒன்று என மூன்று சின்னத் தழும்புகள் இருக்கின்றன. "நாலு வருஷத்துக்கு முன்னாடியே அப்பெண்டிக்ஸ் எடுத்துட்டாங்க டாக்டர்" என்கிறார். கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதே செய்திதான் ஒரு வரியில் இருக்கிறது.

டூட்டியில் இருக்கும் சர்ஜன் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு என்ன முடிவெடுக்க முடியும்? குடல்வாலை அடியோடு எடுத்தார்களா, அடியில் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறதா? அன்றைக்கு அது வெடித்திருந்ததா? உள்ளே இருந்த கல் வெளியே வந்ததா, வயிற்றுக்குள்ளேயே விழுந்துவிட்டதா? வலது சினைப்பையை யாராவது பார்த்தார்களா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் தெரிந்த ஆள் ஒருவர்தான். நான்கு வருஷத்துக்கு முன் கேமராவில் அந்த வயிற்றைப் பார்த்தவர். அவர் அன்று எழுதி வைத்திருந்தால் பதில் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஆபரேஷன் நோட் எழுதத் தொடங்கும் பயிற்சி மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயர், தேதி, நேரம், சர்ஜன், உதவியாளர், மயக்க மருந்து நிபுணர், ஆபரேஷனுக்கு முந்தைய நோய்க்கணிப்பு, பஞ்சும் கருவிகளும் எண்ணிச் சரிபார்த்தது ஆகியவற்றுக்கு எல்லா மருத்துவமனைப் படிவத்திலும் கட்டம் இருக்கும். அவற்றைத் தவறில்லாமல் நிரப்புங்கள், அது போதும். நான் சொல்ல வருவது படிவத்தில் கட்டமே இல்லாத சில விஷயங்களை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த நோட்டைப் படிப்பவர் மூன்று வெவ்வேறு நாட்களில் வருவார். முதல் ஆள் அன்று இரவே வார்டில் நோயாளியைப் பார்ப்பவர். அவருக்கு ஆன்டிபயாடிக் எத்தனை நாள், டிரெயின் இருக்கிறதா, எப்போது சாப்பிடலாம் என்பது தெரிந்தால் போதும். இரண்டாவது ஆள் இரண்டு, மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலோடு திரும்பி வரும் நோயாளியையோ, எதிர்பாராத பயாப்சி முடிவையோ கையில் வைத்திருப்பவர். மூன்றாவது ஆள் வருஷக்கணக்கில் கழித்து, வேறு ஊரில், வேறு ஒரு காரணத்துக்காக அதே வயிற்றைத் திறக்கப் போகிறவர். நம் நோட்டுகளில் பெரும்பாலானவை முதல் ஆளுக்கு மட்டுமே எழுதப்படுகின்றன. மற்ற இருவரையும் மனதில் வைத்தால் எதை எழுத வேண்டும் என்பது தானாகவே மாறும்.

அடிக்கட்டை

மூன்றாவது ஆளுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி, குடல்வாலை வெட்டிய பிறகு சீக்கத்தில், அதாவது பெருங்குடல் தொடங்கும் பையில், எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பது. இதைத்தான் ஸ்டம்ப் என்கிறோம். நான் அடிக்கட்டை என்று எழுதுகிறேன்.

அடிக்கட்டை நீளமாக இருந்தால் அது ஒரு குட்டிக் குடல்வால்தான். அதன் உள்வழி மறுபடி அடைபடலாம், அழற்சி வரலாம், வெடிக்கவும் செய்யலாம். இப்படி வரும் அழற்சி அபூர்வம். ஆனால் ஆபரேஷனுக்குச் சில வாரங்களிலும் வரலாம், பல பத்தாண்டுகள் கழித்தும் வரலாம். இதில் ஆபத்தே தாமதம்தான். "குடல்வாலைத்தான் எடுத்தாயிற்றே" என்று எல்லோரும் வேறு காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். கண்டுபிடிக்கும்போது பல நேரம் அது வெடித்திருக்கும். அதனால்தான் அடிக்கட்டை 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்று கற்றுத்தருகிறார்கள்.

சரி, இதை நோட்டில் எப்படி எழுதுவது? "குடல்வாலின் அடி கட்டப்பட்டு வெட்டப்பட்டது" என்று எழுதினால் போதாதா? போதாது. அடி என்று நீங்கள் நினைத்த இடம் உண்மையில் அடிதானா என்பதே கேள்வி. அழற்சியால் வீங்கி, சீக்கத்துக்குப் பின்னால் மடங்கி ஒட்டிக்கொண்ட குடல்வாலில் ஒரு வளைவு இருந்தால், அந்த வளைவே அடியைப் போலத் தெரியும். அங்கே கட்டி வெட்டினால் கீழே இரண்டு சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும்.

அடியை உறுதியாகக் காட்டும் அடையாளம் ஒன்று உண்டு. பெருங்குடலின் வெளிப்புறத்தில் நீளவாக்கில் மூன்று தசைப்பட்டைகள் ஓடுகின்றன. டீனியா என்று பெயர். மூன்றும் வந்து சேரும் இடம்தான் குடல்வாலின் அடி. முன்பக்கப் பட்டையைப் பிடித்துக்கொண்டு கீழே போனால் அந்த இடம் கிடைத்துவிடும். ஆகவே நோட்டில் வர வேண்டிய வாக்கியம் இது: "முன்பக்க டீனியாவைத் தொடர்ந்து சென்று, மூன்று பட்டைகளும் சேரும் இடத்தில் குடல்வாலின் அடி தெளிவாகப் பார்க்கப்பட்டது." இந்த ஒரு வாக்கியம் இருந்தால், பின்னால் படிப்பவர் உங்கள் "அடி" என்ற சொல்லை நம்பலாம். பார்க்க முடியாமல் போனால் அதையும் அப்படியே எழுதுங்கள். "ஒட்டல் அதிகம் இருந்ததால் பட்டைகள் சேரும் இடம் தெளிவாகத் தெரியவில்லை, அடிக்கட்டை 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடும்" என்று எழுதுவதில் அவமானம் ஏதும் இல்லை. அந்த வரி பின்னாளில் ஒரு நோயாளியைக் காப்பாற்றலாம்.

அடுத்து நீளம். கேமரா எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும், அருகில் கொண்டுபோனால் இன்னும் பெரிதாகும். கண்மதிப்பை நம்ப முடியாது. கையில் இருக்கும் மெல்லிய கருவியின் தண்டு 5 மில்லிமீட்டர் விட்டம் உள்ளது. அதை அடிக்கட்டையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். பார்த்து, "அடிக்கட்டை சுமார் 4 மி.மீ., கருவித் தண்டோடு ஒப்பிட்டது" என்று எழுதலாம். வெளியே எடுத்த குடல்வாலின் நீளத்தை எழுதுவது நல்லதுதான், ஆனால் அது இதற்கு மாற்று ஆகாது. குடல்வால் ஒருவருக்கு ஆறு சென்டிமீட்டர் இருக்கும், இன்னொருவருக்குப் பதினைந்து இருக்கும். எட்டு சென்டிமீட்டர் வெளியே வந்தது என்பது உள்ளே என்ன மிச்சம் என்று சொல்லாது.

அப்புறம், அடிக்கட்டையை எதைக் கொண்டு மூடினீர்கள் என்பது. நூல் சுருக்கு, அதாவது எண்டோலூப், போட்டிருக்கலாம். பிளாஸ்டிக் கிளிப் போட்டிருக்கலாம். ஸ்டேப்ளர் வைத்திருக்கலாம். இவை பின்னால் வரும் ஸ்கேன்களில் வேறு வேறு விதமாகத் தெரியும். ஸ்டேப்ளரின் டைட்டானியம் ஊசிகள் எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும் வரிசையாகப் பளிச்சென்று தெரியும். பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கிளிப் எக்ஸ்ரேயில் தெரியாது. கரையும் நூல் சில மாதங்களில் காணாமல் போகும். சி.டி. பார்ப்பவர் சீக்கத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டால், அது ஊசியா, விட்டுப்போன கல்லா என்று முடிவு செய்ய இந்த ஒரு தகவல் வேண்டும். "அடியில் இரண்டு எண்டோலூப், எடுக்கும் பக்கம் ஒன்று, நடுவில் வெட்டப்பட்டது" என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். ஸ்டேப்ளர் என்றால் அளவும் எத்தனை முறை அழுத்தியது என்பதும் வேண்டும். சீக்கத்தின் ஒரு விளிம்பையும் சேர்த்து எடுத்தீர்களா என்பதும் வேண்டும். அது ஏன் என்று பயாப்சி பகுதியில் சொல்கிறேன்.

சிலர் அடிக்கட்டையைச் சீக்கத்துக்குள் அமுக்கித் தைத்து மறைப்பார்கள். அப்படிச் செய்திருந்தால் கட்டாயம் எழுத வேண்டும். பல வருஷம் கழித்துக் கொலோனோஸ்கோப்பி செய்பவருக்கு அந்த இடம் உள்ளே ஒரு பாலிப் மாதிரியே தெரியும். குறிப்பு இருந்தால் அதை வெட்டி எடுக்கும் முன் ஒரு முறை யோசிப்பார்.

கல் எங்கே போனது?

இரண்டாவது ஆளுக்கு, அதாவது மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலோடு வரும் நோயாளியைப் பார்ப்பவருக்கு, அதிகம் உதவும் செய்தி மலக்கல் பற்றியது. குடல்வாலுக்குள் மலம் இறுகிக் கல்லாகி உள்வழியை அடைப்பது அழற்சிக்கான காரணங்களில் ஒன்று. குடல்வால் வெடிக்கும்போதோ, நாம் பிடித்து இழுக்கும்போதோ அந்தக் கல் வயிற்றுக்குள் விழலாம். சிறு குடலின் மடிப்புகளுக்கு நடுவிலோ இடுப்புக் குழியிலோ கல்லீரலுக்குக் கீழேயோ போய் உட்கார்ந்துகொள்ளும். கிருமிகள் நிறைந்த பொருள் அது. அங்கே இருக்கும்வரை சீழ்க்கட்டி வரும். ஊசி வைத்துச் சீழை எடுத்தாலும் கல் உள்ளேயே இருந்தால் மறுபடி வரும்.

ஆபரேஷனுக்கு முன் எடுத்த சி.டி.யில் கல் இருந்ததென்றால் உங்கள் நோட்டில் அந்தக் கல்லின் கதை முழுதாக இருக்க வேண்டும். எத்தனை கல், ஏறக்குறைய என்ன அளவு, எடுத்த குடல்வாலுக்குள்ளேயே இருந்ததா, வெளியே விழுந்ததா, விழுந்ததை எடுத்தீர்களா, முழுதாக வந்ததா உடைந்து வந்ததா. தேடியும் கிடைக்கவில்லை என்றால் எங்கெங்கே தேடினீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஸ்கேனில் கல் இருந்தும் நோட்டில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால், படிப்பவர் மோசமான சாத்தியத்தைத்தான் எடுத்துக்கொண்டாக வேண்டும்.

இதோடு சேர்ந்தது வெடிப்பும் சீழும். "குடல்வால் வெடித்திருந்தது" என்பது பாதிச் செய்தி. எங்கே வெடித்தது என்பது மீதி. நுனியில் வெடித்திருந்தால் அடி நல்ல திசுவாக இருந்திருக்கும், கட்டு பிடித்திருக்கும். அடியில் வெடித்திருந்தால் கட்டு அழுகிய திசுவின் மேல் விழுந்திருக்கலாம், கசிவு வரும் வாய்ப்பு கூடுதல். அதனால் "அடி நலமாக இருந்தது" அல்லது "அடியும் கறுத்திருந்தது, அதனால் சீக்கத்தின் விளிம்போடு ஸ்டேப்ளர் வைக்கப்பட்டது" என்று ஒரு வரி வேண்டும். சீழ் எந்தக் குழிகளில், ஏறக்குறைய எவ்வளவு, கல்ச்சருக்கு அனுப்பினீர்களா என்பதையும் சொல்லுங்கள். "நன்றாகக் கழுவப்பட்டது" என்ற சொற்றொடரை நான் பார்க்கும் எல்லா நோட்டிலும் பார்க்கிறேன், அதிலிருந்து எதுவும் தெரிவதில்லை. உறிஞ்சி மட்டும் எடுத்தீர்களா, சலைன் ஊற்றினீர்களா, ஊற்றினால் எவ்வளவு, எந்தப் பகுதியில், திரும்ப எடுத்த நீர் தெளிவாக இருந்ததா என்று எழுதினால் தெரியும். கல்லீரலுக்கு மேலே சீழ்க்கட்டி வந்து நிற்கும் நாளில், அங்கே கழுவினீர்களா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

பார்த்தது, பார்க்காதது, பார்க்க முடியாதது

"மற்ற உறுப்புகள் நார்மல்" என்று எழுதுவது ஒரு பழக்கம். இதில் ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. பார்த்து நார்மல் என்கிறீர்களா, பார்க்கவே இல்லையா? படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். பெண் நோயாளி என்றால் இரண்டு சினைப்பைகளையும் குழாய்களையும் பெயர் சொல்லி எழுதுங்கள். இலியத்தின் கடைசிப் பகுதி தடித்திருந்ததா என்று எழுதுங்கள், அதுதான் குரோன் நோய்க்கான முதல் தடயமாக இருக்கக்கூடும். மெக்கல் பை இருக்கிறதா என்று பார்த்திருந்தால் இலியத்தை எத்தனை சென்டிமீட்டர் பின்னோக்கிப் பார்த்தீர்கள் என்பதும் வேண்டும். வழக்கமாக 60 சென்டிமீட்டராவது பார்ப்பார்கள். குடல்கள் ஒட்டிக்கொண்டிருந்ததால் 40-க்கு மேல் போக முடியவில்லை என்றால் அதை எழுதுங்கள். "பார்க்க முடியவில்லை" என்பதும் ஒரு கண்டுபிடிப்புதான்.

இங்கே ஒரு தனிச் சூழலைச் சொல்லியாக வேண்டும். கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தால் குடல்வால் நார்மலாகவே இருக்கிறது. வலிக்குக் காரணம் சினைப்பையில் உடைந்த நீர்க்கட்டி. அதற்குச் சிகிச்சை செய்துவிட்டுக் குடல்வாலை அப்படியே விட்டுவிடுகிறீர்கள். நோயாளியின் வயிற்றில் குடல்வாலை எடுத்தவருக்கு இருப்பது போன்ற மூன்று தழும்புகள் இருக்கும். அவரும் "லேப்ராஸ்கோப்பி செஞ்சாங்க, அப்பெண்டிக்ஸ்னு சொன்னாங்க" என்றுதான் சொல்வார். பின்னால் உண்மையான குடல்வால் அழற்சி வந்தால் எவரும் அதை நினைக்க மாட்டார்கள். அதனால் "குடல்வால் எடுக்கப்படவில்லை, இன்னும் உள்ளே இருக்கிறது" என்பது நோட்டின் தலைப்பிலேயே, செய்த சிகிச்சை என்ற கட்டத்திலேயே வர வேண்டும். கீழே எங்கோ புதைந்து கிடக்கக்கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதே வாக்கியம் வர வேண்டும், நோயாளியிடம் வாயாலும் சொல்ல வேண்டும்.

பயாப்சி திரும்பி வரும் நாள்

எடுத்த குடல்வாலைச் சோதனைக்கு அனுப்பினால் பெரும்பாலும் அழற்சி என்றே முடிவு வரும். எப்போதாவது அதில் கட்டி இருப்பதாக வரும். நியூரோஎண்டோகிரைன் கட்டி ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக, நுனியில், முழுமையாக எடுக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் அதோடு போதும். இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் பெருங்குடலின் வலப்பகுதியை எடுக்கும் பெரிய ஆபரேஷனை ஆலோசிப்பார்கள். நடுவில் இருப்பவர்களுக்கு, கட்டி அடிக்கு எவ்வளவு அருகில் இருந்தது, வெட்டிய விளிம்பில் கட்டி இருந்ததா என்பது போன்ற விவரங்கள்தான் முடிவைத் தீர்மானிக்கும். பயாப்சி பார்ப்பவர் விளிம்பைச் சொல்லலாம். அந்த விளிம்புக்கு அப்பால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை உங்கள் நோட்தான் சொல்ல வேண்டும். சீக்கத்தின் விளிம்போடு எடுத்தீர்களா என்று மேலே கேட்டது இதற்காகத்தான்.

இன்னொரு வகை, கோழை சுரக்கும் கட்டி. இதில் குடல்வால் முழுதாக வந்ததா, உடைந்து கோழை வயிற்றுக்குள் சிந்தியதா என்பதைப் பொறுத்தே நோயாளியை எவ்வளவு கவனமாகத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது அமையும். சிந்திய செல்கள் வயிறு முழுக்கப் பரவிக் கோழையாக நிரம்பக்கூடும். எனவே இரண்டு வரிகள்: குடல்வால் உடையாமல் வந்ததா, பைக்குள் போட்டு வெளியே எடுத்தீர்களா. கோழை போன்ற பொருளை எங்காவது பார்த்திருந்தால் எங்கே என்பதும். பயாப்சி முடிவு வருவதற்குள் இதெல்லாம் உங்கள் நினைவில் மங்கியிருக்கும்.

ஒரே ஆபரேஷன், இரண்டு நோட்டுகள்

இப்போது ஒரு கேஸை வைத்துப் பார்க்கலாம். 34 வயதுப் பெண், ஒன்றரை நாள் வலி. சி.டி.யில் குடல்வால் 12 மில்லிமீட்டர் தடிமன், உள்ளே 8 மில்லிமீட்டர் கல் ஒன்று. லேப்ராஸ்கோப்பியில் குடல்வால் சீக்கத்துக்குப் பின்னால் மேல்நோக்கி மடங்கி இருக்கிறது. நடுப்பகுதியில் வெடித்திருக்கிறது. முதலில் அடி என்று தோன்றிய இடம் ஒரு வளைவு. சீக்கத்தின் பக்கவாட்டு மடிப்பை விடுவித்த பிறகே உண்மையான அடி தெரிகிறது. விடுவிக்கும்போது கல் வெளியே விழுந்து, பிடிக்கும்போது இரண்டாக உடைகிறது. இரண்டையும் பையில் போட்டு எடுக்கிறார்கள்.

இதற்கு வழக்கமாக எழுதப்படும் நோட் இப்படி இருக்கும்:

> அழற்சியுற்ற, வெடித்த குடல்வால் காணப்பட்டது. மீசோஅப்பெண்டிக்ஸ் பிரிக்கப்பட்டது. அடி கட்டப்பட்டுக் குடல்வால் அகற்றப்பட்டது. நன்றாகக் கழுவப்பட்டது. ரத்தக்கசிவு இல்லை. மற்ற உறுப்புகள் நார்மல். போர்ட்கள் மூடப்பட்டன.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதே ஏழு வாக்கியங்களை வேறு எந்த நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒட்டினாலும் பொருந்திவிடும். இந்த வயிற்றைப் பற்றிய செய்தி இதில் அநேகமாக இல்லை. அதே ஆபரேஷனை இப்படி எழுதலாம்:

> நுழைவு: தொப்புளில் திறந்த முறையில் 10 மி.மீ. போர்ட். நடு அடிவயிற்றிலும் இடது அடிவயிற்றிலும் 5 மி.மீ. போர்ட்கள், கேமராவில் பார்த்தபடி. வாயு அழுத்தம் 12. நுழைவில் ஒட்டல் இல்லை, காயம் இல்லை.
>
> கண்டது: குடல்வால் சீக்கத்துக்குப் பின்னால் மேல்நோக்கி. நடுப்பகுதியில் வெடிப்பு, அடி நலமாக இருந்தது. வலது குழியிலும் இடுப்புக் குழியிலும் சுமார் 40 மி.லி. சீழ், கல்ச்சருக்கு அனுப்பப்பட்டது. கல்லீரலைச் சுற்றிச் சீழ் இல்லை. வலது சினைப்பையும் இரு குழாய்களும் பார்க்கப்பட்டன, நார்மல். இடது சினைப்பையில் சுமார் 3 செ.மீ. தெளிந்த நீர்க்கட்டி, தொடவில்லை. இலியத்தின் கடைசிப் பகுதி நார்மல். 40 செ.மீ. வரை பார்க்கப்பட்டது, குடல் வீக்கத்தால் அதற்கு மேல் பார்க்கவில்லை. மெக்கல் பை இல்லை என்று சொல்ல முடியாது.
>
> செய்தது: அடியிலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளி ஒரு வளைவு, முதலில் அடி போலத் தெரிந்தது. சீக்கத்தின் பக்கவாட்டு மடிப்பை விடுவித்து, முன்பக்க டீனியாவைத் தொடர்ந்து, பட்டைகள் சேரும் இடத்தில் அடி பார்க்கப்பட்டது. மீசோஅப்பெண்டிக்ஸ் பைபோலரால் பிரிக்கப்பட்டது, கிளிப் போடவில்லை. அடியில் இரண்டு எண்டோலூப், எடுக்கும் பக்கம் ஒன்று. அடிக்கட்டை சுமார் 4 மி.மீ., புதைக்கவில்லை.
>
> கல்: ஸ்கேனில் கண்ட ஒரே கல் விடுவிக்கும்போது வெளியே விழுந்து இரண்டாக உடைந்தது. இரு துண்டுகளும் எடுக்கப்பட்டன, சேர்த்து வைத்தால் சுமார் 8 மி.மீ. பொடித்துகள் விழுந்திருக்கலாம், விழுந்த இடம் சீக்கத்தின் வெளிப்பக்கம். அங்கும் இடுப்புக் குழியிலும் 500 மி.லி. சலைனால் கழுவி உறிஞ்சப்பட்டது, கடைசியில் தெளிவு.
>
> முடித்தது: குடல்வாலும் கல்லும் பையில் தொப்புள் வழியாக. குடல்வால் நடுவில் வெடித்த நிலையில், பிரிக்கும்போது மேலும் கிழியவில்லை. கோழை இல்லை. பயாப்சிக்கு அனுப்பப்பட்டது. டிரெயின் இல்லை. தொப்புள் போர்ட்டின் தசை உறை தைக்கப்பட்டது. ரத்த இழப்பு மிகக் குறைவு.

எழுத எவ்வளவு நேரம் கூடுதலாகும்? ஐந்து நிமிடம். இதன் பயனைப் பாருங்கள். மூன்று வாரம் கழித்து இவர் காய்ச்சலோடு வந்தால், படிப்பவர் சீக்கத்தின் வெளிப்பக்கத்தில் கல் துகளைச் சுற்றிய சீழ்க்கட்டியை முதலில் தேடுவார். கிளிப் போடவில்லை என்று இருப்பதால் சி.டி.யில் அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதைக் கிளிப் என்று விட்டுவிட மாட்டார். நான்கு வருஷம் கழித்து இரவு இரண்டு மணிக்கு வந்தால், அடிக்கட்டை அழற்சி என்பது பட்டியலின் கீழே போகும். அது இல்லவே இல்லை என்று ஆகிவிடாது, அதற்கு ஸ்கேன்தான் பதில் சொல்ல வேண்டும். இடது சினைப்பைக் கட்டியை மறுபடி ஸ்கேன் செய்து பார்த்தார்களா என்ற கேள்வியும் எழும். மெக்கல் பையில் அழற்சி என்ற சாத்தியமும் மனதில் நிற்கும்.

போர்ட் பற்றியும் ஒரு வார்த்தை. 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள ஓட்டைகளில் தசை உறையைத் தைப்பது வழக்கம், இல்லாவிட்டால் அந்த வழியே குடல் பிதுங்கலாம். தைத்தீர்களா என்பதை எழுதுங்கள். தொப்புளுக்குக் கீழே குடல் ஒட்டியிருந்தால் அதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அடுத்த சர்ஜன் அதே தொப்புள் வழியாகத்தான் நுழையப் பார்ப்பார்.

எப்போது எழுதுவது? தியேட்டரை விட்டுப் போகும் முன்பே. இரண்டாவது கேஸ் முடிந்து உட்கார்ந்தால், எந்த நோயாளிக்கு அடி கறுத்திருந்தது என்பது குழம்பிவிடும். கம்ப்யூட்டரில் முன்கூட்டியே சேமித்த மாதிரி நோட்டைப் பயன்படுத்துபவர்கள் ஒன்று செய்யலாம். எண்டோலூப் எண்ணிக்கை, அடிக்கட்டை அளவு, கல், சினைப்பை ஆகிய இடங்களை நிரப்பி வைக்காமல் வெறுமையாக விடுங்கள். நிரப்பி வைத்தால் ஸ்டேப்ளர் போட்ட நாளிலும் "மூன்று எண்டோலூப்" என்றே அச்சாகும், ஆண் நோயாளியின் நோட்டில் சினைப்பை நார்மலாக இருக்கும். அப்படி ஒரு வரி தவறாக இருப்பதைப் படிப்பவர் கண்டுவிட்டால் மற்ற எல்லா வரிகளையும் சந்தேகிப்பார், சந்தேகிக்கவும் வேண்டும். பின்னால் ஏதாவது நினைவுக்கு வந்தால் பழைய வரியை அழிக்காதீர்கள். புதிய தேதி, நேரம் போட்டுக் கீழே சேர்த்துக் கையெழுத்திடுங்கள்.

கேஸ் ஷீட் மருத்துவமனையிலேயே தங்கிவிடும். நோயாளியோடு ஊர் ஊராகப் போவது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான். அதில் முழு நோட்டும் தேவையில்லை, ஆனால் இந்த விஷயங்கள் இருக்கட்டும்: குடல்வால் முழுதாக எடுக்கப்பட்டதா, அடிக்கட்டையை எதைக் கொண்டு மூடினோம், அது எத்தனை மில்லிமீட்டர், கல் இருந்திருந்தால் அது என்ன ஆனது, பயாப்சி முடிவு வந்துவிட்டதா, வரவில்லையென்றால் அதை வாங்கிப் பார்க்கப் போவது யார்.